எரிச்சல் அடங்கிவிட்டது, வெள்ளைப் படை அப்படியே இருக்கிறது

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 54 வயது. பூ கட்டி விற்கிறார். இருபத்தைந்து வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுகிறார். நாலு மாதமாக ரசம் சாப்பிட்டாலே நாக்கு எரிகிறது என்றார். மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை. ஆனால் போன வாரம் பார்த்தால் இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படை போல இருக்கிறது. வலி இல்லை என்கிறார். உடம்புச் சூடுதான், மணத்தக்காளிக் கீரை கொடு என்கிறார் சித்தி. சதை எடுத்து டெஸ்ட் செய்தால் பரவிவிடும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். வெற்றிலையை மென்றபிறகு எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பார்? இருபத்தைந்து வருடமாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பழக்கம், யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். இடது பக்கம் என்று சொன்னால், சூடு, வயிற்றுப் புண் பேச்சையெல்லாம் அதோடு நிறுத்திவிட்டு இந்த வாரமே வாயைக் காட்டுங்கள். வலது பக்கம் என்று சொன்னாலும் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஒதுக்குகிற இடமும் படை இருக்கிற இடமும் ஒன்றாக இருந்தால், அந்தப் படை எதனால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் ரொம்பக் குறைவு.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது "இப்போது பரவாயில்லை" என்ற இரண்டு வார்த்தைகள்தான். ஏன் என்று ஒரு நோயாளியின் கதையைச் சொன்னால் புரியும்.

சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஓர் அம்மா வந்தார், ஐம்பதைத் தாண்டியவர், இட்லிக் கடை வைத்திருந்தார். காரம் பட்டால் நாக்கு தீயாய் எரிகிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. நாக்கை நீட்டச் சொன்னேன். மேல்பக்கம் சொரசொரப்பே இல்லாமல், எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று சிவந்திருந்தது. அப்படி இருந்தால் இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைவாக இருக்கிறதா என்று பார்ப்போம். ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் குறைந்திருந்தது. அதே நேரம் வலது கன்னத்தின் உள்ளே, கீழ்ப்பற்களுக்குப் பக்கத்தில், இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படை. அதன் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அவர் புகையிலை ஒதுக்குகிற இடம் அதுதான். பி12 ஊசி எழுதிக் கொடுத்தேன், படையிலிருந்து சிறு சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கிற பயாப்சிக்கு அடுத்த வியாழன் வரச் சொன்னேன். மூன்று ஊசி போட்டதும் எரிச்சல் நின்றுவிட்டது. வியாழனன்று அவர் வரவில்லை. வலியில்லாமல் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறபோது வாயைக் கீறிக்கொள்ள யார் வருவார்கள்?

பதினான்கு மாதம் கழித்து வந்தார். அந்தச் சிவந்த இடம் புண்ணாகியிருந்தது, விரலால் தொட்டால் ஓரம் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்தது, தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அப்போதும் வலி அதிகம் இல்லை. அறுவை சிகிச்சை, அப்புறம் கதிர் சிகிச்சை. உயிரோடு இருக்கிறார், கடையையும் திறந்துவிட்டார். ஆனால் வாய் சரியாகத் திறப்பதில்லை, தான் சுட்ட இட்லியையே சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். அந்த வியாழக்கிழமைக்கு நான் போன் போட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதிலிருந்து என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. பயாப்சிக்கு வராதவர்களின் பெயர் மட்டும் அதில் இருக்கும், தினமும் மாலையில் அவர்களை நானே கூப்பிடுகிறேன்.

அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. ஒரே வாயில் இரண்டு வேறு பிரச்சினைகள் இருந்தன. ஒன்று சத்துக் குறைவு, அதற்கு எரிச்சல் உண்டு, மருந்தில் அடங்கும். இன்னொன்று புகையிலையால் வந்த படை, அதற்கு எரிச்சலும் கிடையாது, வைட்டமினுக்கு அது அசையவும் அசையாது. முதலாவது சரியானதை வைத்து இரண்டாவதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். உங்கள் அம்மாவுக்கும் இப்போது அதே நிலைமைதான் என்று படுகிறது. ஆகவே எரிச்சல் அடங்கியதா என்று கேட்பதை விடுங்கள். படை போய்விட்டதா, அதைப் பாருங்கள்.

நாளைக் காலையில் பல் விளக்கியபின், அம்மா முதல் வெற்றிலை போடுவதற்கு முன்னால், வாசலில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார வையுங்கள். இரண்டு தடவை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் கன்னத்தில் செம்பழுப்பாக ஒரு கறை ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே இருப்பதை அது மறைத்துவிடும். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்து விரலில் சுற்றி அந்த வெள்ளையை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயிர் ஏடு மாதிரி துணியில் வழித்துக்கொண்டு வந்து கீழே சிவப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், பல்செட்டை இரவிலும் கழற்றாதவர்களுக்கும் அது வரும், மருந்தில் போய்விடும். துடைத்தும் போகவில்லை, தோலோடு தோலாக இருக்கிறது என்றால் அது வேறு. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி கோலம் போட்டதுபோல வலை வலையாக வெள்ளைக் கோடுகள் ஓடினால் லைக்கன் பிளானஸ் என்ற நோயாக இருக்கலாம். உடைந்த பல் உரசுகிற இடத்தில் மட்டும் வெளுத்திருந்தால், பல்லை மழுக்கிவிட்டபிறகு இரண்டு வாரத்தில் குறையும். இந்தக் காரணம் எதுவும் பொருந்தாத, துடைத்தும் போகாத வெள்ளைப் படைக்கு நாங்கள் லூக்கோபிளாக்கியா என்று பெயர் சொல்கிறோம்.

அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. லூக்கோபிளாக்கியாவில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் எது மாறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. சந்தேகத்தைக் கூட்டுகிற சில அடையாளங்கள் மட்டும் உண்டு. வெள்ளைக்கு நடுவே சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருப்பது, மேல்பரப்பு மரு மாதிரி சொரசொரப்பாவது, நாக்கின் பக்கவாட்டிலோ நாக்குக்கு அடியிலோ இருப்பது. வெள்ளையே இல்லாமல் வெல்வெட் துணி மாதிரி வெறும் சிவப்புத் திட்டாக இருந்தால் அது வெள்ளையைவிட மோசம், அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பார்க்கிறபோதே கன்னத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கீழுதட்டை வெளியே இழுத்து ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள், நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள். அப்புறம் அம்மாவின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக, அவர் வாய்க்குள் முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அவர் விரல்தான், உங்கள் விரல் இல்லை. மூன்றும் தாராளமாக நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது, கன்னத்தின் உள்ளே விரல் வைத்தால் நார்க்கயிறு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, தோல் வெளிறிப்போய் இருக்கிறது என்றால் எரிச்சலுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் காரணம் பாக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புகையிலையை விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று அநேகமாக உங்கள் அம்மா சொல்லப்போகிறார். பாக்கில் அரிக்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது வாயின் உள்தோலுக்கு அடியில் நார் உண்டாக்குகிற செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக உடம்பு பழைய நாரைக் கரைத்துப் புது நாரைக் கட்டும், பாக்கு போடுகிறவர்களுக்குக் கட்டுவது கூடிவிடும், கரைப்பது குறைந்துவிடும். நாளாக ஆக, மிருதுவாக இருந்த கன்னம் தோல்வார் மாதிரி விறைத்துப்போகும். தொடக்கத்தில் தெரிவது காரம் பட்டால் எரிச்சல், அவ்வளவுதான். அப்புறம் வாய் திறப்பது குறையும், விசில் அடிக்க வராது, பலூனை ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்ப வைக்க முடியாது. இந்த நிலைக்குச் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். இறுகிப்போன நாரை முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. வாய்ப் பயிற்சியும் ஊசியும் ஓரளவுக்கு உதவும், பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். இதுவும் புற்றுநோய்க்கு வழிவிடுகிற நிலைதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லேயே சொல்லிவிட்டது. சீவல், வாசனைப் பாக்கு, பான் மசாலா எல்லாம் இதில் அடக்கம்.

சரி, வீட்டில் பார்த்தாயிற்று. இனி மருத்துவரிடம். வாயில் ஒரு புண்ணோ படையோ வந்தால், காரணம் என்று தோன்றுவதை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம் என்பது எங்கள் கணக்கு. சாதாரண வாய்ப்புண் அதற்குள் ஆறிவிடும். உங்கள் அம்மாவின் படை எப்போது வந்தது என்றே தெரியாது, எரிச்சல் தொடங்கியே நாலு மாதம் ஆகிறது, அதனால் அந்த இரண்டு வாரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனையில் பல் பிரிவுக்குப் போங்கள், அல்லது பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கே ஓரல் மெடிசின் பிரிவு என்று கேளுங்கள். பல்லைப் பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றால் பல்லைத்தான் பார்ப்பார்கள், ஆகவே உட்கார்ந்ததும் "கன்னத்தில் வெள்ளைப் படை, துடைத்தால் போகவில்லை, புகையிலை போடுகிறார்" என்று இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழக்கத்தைச் சொல்ல அம்மா கூச்சப்படுவார். பெண்கள் பலர் "எப்பவாவது கல்யாணத்துல போடுவேன்" என்றுதான் என்னிடம் சொல்வார்கள், பல்லில் இருக்கிற கறை வேறு சொல்லும். மருத்துவர் கேட்பது திட்டுவதற்காக இல்லை, எங்கே தேடிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இனி உங்கள் சித்தி சொன்னதற்கு வருகிறேன். பயாப்சி எடுத்தால் பரவும் என்ற பயம் வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை, பார்த்ததிலிருந்துதான் வந்தது. ஊரில் ஒருவருக்குப் புண் முற்றியபிறகு சதை எடுத்திருப்பார்கள், புற்று என்று ரிப்போர்ட் வந்திருக்கும், ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். பார்த்தவர்களுக்குக் கத்தி வைத்தபிறகுதான் எல்லாம் நடந்ததாகத் தோன்றும். நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது, கத்தி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. வாயில் சிறு துண்டு எடுப்பதால் அம்மாவுக்குப் புற்றுநோய் வராது, இருப்பதும் பரவாது என்று சித்தியிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

எப்படி எடுப்பார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பல் பிடுங்குவதற்குப் போடுவதுபோலவே மரத்துப்போக ஒரு ஊசி. அதுதான் வலி, அப்புறம் அழுத்துவது மட்டும் தெரியும். படை முழுவதையும் வெட்ட மாட்டார்கள். அதில் எந்த இடம் சந்தேகமாக இருக்கிறதோ, சிவப்போ கெட்டியோ, அங்கிருந்து மிளகு அளவுக்கு ஒரு துண்டு. தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு நோயியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். கால் மணி, அரை மணி நேர வேலை. அன்று சூடாகவும் காரமாகவும் சாப்பிடாமல் மோர்சாதம், ஆறிய கஞ்சி என்று இருந்துகொண்டால் போதும், சில நாளில் ஆறிவிடும். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

ரிப்போர்ட்டில் டிஸ்ப்ளேசியா என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்போம். செல்கள் ஒழுங்கு தவறத் தொடங்கியிருக்கின்றன என்று அதற்குப் பொருள், இன்னும் புற்று ஆகவில்லை. டிஸ்ப்ளேசியா இல்லை என்று வந்தால், பழக்கத்தை நிறுத்திவிட்டுச் சில மாதத்துக்கு ஒரு முறை காட்டிக்கொண்டிருக்க வேண்டும். புகையிலையை நிறுத்தியதும் படை மெலிந்து மறைந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லேசாக இருக்கிறது என்றாலும் அநேகமாக அதே வழிதான், இன்னும் நெருக்கமாகப் பார்ப்போம். நடுத்தரம், கடுமை என்று வந்தால் அந்தப் படையையே எடுத்துவிடச் சொல்வோம். எடுத்தபிறகும் வந்து காட்ட வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடம் புகையிலைச் சாறு பட்டது அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை, வாய் முழுக்க. அதே நாளில் ஹீமோகுளோபின், பி12, இரும்புச்சத்து, சர்க்கரை நாலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் கொஞ்சம் அடங்கிய எரிச்சல், காரணம் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும். மணத்தக்காளியைத் தாராளமாகக் கொடுங்கள், நல்ல கீரை, வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும். படையை அது கரைக்காது.

இப்படி வாயைத் திறந்து பார்ப்பதால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று வீட்டில் யாராவது கேட்டால், திருவனந்தபுரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 1996ல் தொடங்கி அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,90,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை, பெரிய கருவியும் இல்லை, கண்ணும் கையும்தான். 2005ல் வந்த முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோயால் செத்தவர்கள் மற்ற பஞ்சாயத்துகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நீங்கள் போன வாரம் தற்செயலாகச் செய்தது அதே வேலைதான்.

புகையிலையை விடுவது பற்றி. பூ கட்டுகிறவர்களுக்கு இரண்டு கையும் ஓயாமல் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் தூக்கத்தை விரட்ட ஒரு வாய் போடுவதில் தொடங்கியிருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு மாற்று இல்லாமல் "நாளையிலிருந்து விடு" என்றால் நடக்காது. நிறுத்திய முதல் மூன்று நாலு நாள்தான் ரொம்பக் கஷ்டம். தலைவலி, எரிந்துவிழுவது, எதிலும் மனம் நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் தணியும். மடியில் ஒரு சின்ன டப்பாவில் சோம்போ பொட்டுக்கடலையோ வைத்துக்கொடுங்கள், மார்க்கெட் நேரத்துக்கு ஃபிளாஸ்கில் டீ. முகூர்த்த நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வேலை குறைவான மாதத்தில் ஒரு தேதியை அவரே குறிக்கட்டும். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் போன் செய்தால் பேசி வழிநடத்துவார்கள். ஆனால் பயாப்சியை அந்தத் தேதி வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் தனித்தனி வேலை.

போவதற்கு முன்னால் அந்தப் படையை வெயில் வெளிச்சத்தில் உங்கள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் பிடித்தால் அளவும் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே இடத்தை இன்னொரு படம் எடுக்கப்போகிறீர்கள், அப்போது மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான்.